கூலி கேட்கும் தமிழ்

தம் உழைப்புக்குத் தாமே விலை கூறுதல் என்பது தமிழ் படித்தோர்க்கு எக்காலத்தும் கூச்சம் தருவதாகவே இருந்து வருகின்றது. கொத்தனார் நாட்கூலியைச் சொல்லிவிட்டுத்தான் கரண்டியைக் கையில் எடுக்கிறார். தையற்காரர் துணியை அளக்கும்போதே தையற்கூலியையும் சொல்லிவிடுகிறார். நம் துறையில் முதுகலை முடித்து வெளியேறும் மாணவரோ, "எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டால், "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்கிறார். அடக்கம் என்று நாம் இதனை நெடுநாள் பாராட்டி வந்தோம். அது அடக்கமன்று, கணக்கறியாமை என்பதை ஒரு மாணவியின் வாயிலாகவே நாம் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அந்தக் கணக்கை இம்மலரில் எழுதி வைப்பது, பின்வரும் மாணவர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடன் எனக் கருதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்று சென்ற மாணவி ஒருவர், ஆங்கில நூலொன்றைத் தமிழாக்கும் வாய்ப்புடன் வந்தார். ஒரு பதிப்பகத்தார் சொல்லுக்கு 40 காசு தருவதாகக் கூறியிருந்தனர். "ஐயா, ஏற்கலாமா?" என்றார். "முதல் வேலையம்மா, பணத்தைப் பார்க்காதே, அனுபவம் கிடைக்கும்" என்று நாம் அறிவுரை கூறினோம். அவர் ஐந்து திங்கள் இரவும் பகலும் உழைத்தார். நூலும் வெளிவந்தது. உள்தலைப்புப் பக்கத்தில் அவர் பெயரும் சிறிய எழுத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு அதே பதிப்பகத்தார் மற்றொரு நூலுடன் வந்தபோது, "உங்களுக்குப் பழைய விலை தெரியுமே, போனால் போகிறது, பத்துக் காசு கூட்டித் தருகிறோம்" என்றனர். அதனினும் வருத்தம் தருவது, அவருக்கு இரண்டாண்டு இளைய மாணவரொருவர் வேறு வேலைக்காக அதே வாயிலில் நின்றபோது, "உங்கள் அக்கா 40 காசுக்குச் செய்தாரே" என்ற விடையே கிடைத்தது. நாம் கூறிய அறிவுரை ஒருவர்க்கு மட்டும் கேடாக முடியவில்லை.

இரண்டாம் நூலுடன் அவர் வந்தபோது நாம் அறிவுரை கூறவில்லை. தாளும் எழுதுகோலும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்கிட்டோம்.

முதற்கண் வினவியது, ஓராண்டு வாழ எவ்வளவு வேண்டும் என்பது. திங்களுக்கு 22,000 ரூபாய் என்றார். ஆண்டுக்கு 2,64,000 ஆகிறது. இணையத்துக்கும் மின்சாரத்துக்குமாகத் திங்களுக்கு 1,500 வீதம் 18,000. கணினி 45,000 ரூபாய்க்கு வாங்கி நான்காண்டு உழைத்தால், ஓராண்டுக்குத் தேய்மானம் ஏறத்தாழ 11,000. அகராதி, பழுதுபார்ப்பு, அச்சுப்படி எடுத்தல் முதலிய சில்லறைச் செலவுக்கு 7,000. அலுவலகப் பணியாளர்க்கு முதலாளி செலுத்தும் சேமநிதியும் மருத்துவக் காப்பும் இவருக்கு இல்லையாதலால், அதற்கெனத் திங்களுக்கு 5,000 வீதம் 60,000. ஆக மொத்தம் 3,60,000 ரூபாய்.

இவ்விடத்தில் அவர் ஒரு தடை எழுப்பினார். "நான் அத்தா வீட்டில்தானே இருக்கிறேன் ஐயா, வாடகையும் சோறும் என் செலவில்லையே, 22,000 எதற்கு?" என்றார். பெற்றோருடன் வாழும் மாணவியர் பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். குறைந்த விலைக்கு இசைவதற்கு இதுவே பெருங்காரணம் என்பது நம் கருத்து. அத்தாவின் வீட்டுச் சோறு மகளுக்கு அவர் தரும் அன்பு. அச்சோற்றைக் கணக்கில் கொள்ளாது விலையைக் குறைத்தால், அந்த அன்பு பதிப்பகத்தாருக்குச் செல்லும் மானியமாகிவிடுகிறது. அவர் மகளின் வேலைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அத்தா தாங்க, ஆதாயத்தை வேறொருவர் பெறுகிறார். ஆதலின் 22,000 அப்படியே நின்றது.

அடுத்தது நாட்கணக்கு. ஆண்டின் 365 நாளில் ஞாயிறு 52 போக 313. பெருநாள்கள், குடும்ப நிகழ்ச்சிகள், நோய் என 33 கழித்தால் 280 நாள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் அமர்ந்தாலும் எட்டு மணிக்கும் கூலி கிடைப்பதில்லை என்பதே புதியவர் அறியாத உண்மை. வேலை தேடிக் கடிதம் எழுதுதல், விலைப்புள்ளி அனுப்புதல், பில் அனுப்பிவிட்டு அதன் பணத்துக்கு நினைவூட்டுதல், வேலையே வாராத வெற்று நாள்கள் ஆகியவை பாதியை விழுங்கிவிடும். நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தோம். தொடக்கத்தில் அதுவும் கிட்டாது. 280 நாள், நான்கு மணி வீதம், 1,120 மணி நேரம். 3,60,000 ரூபாயை இதனால் வகுத்தால் மணிக்கு 321 ரூபாய் வருகிறது. 325 எனக் கொண்டோம்.

இத்தொகை அவர் கேட்க வேண்டிய விலையன்று. இதற்குக் கீழே இறங்கினால் தம் கையிலிருந்து செலவிட்டு வேலை செய்கிறார் என்பதைக் காட்டும் அடிக்கோடு. வாடிக்கையாளரிடம் இவ்வெண்ணைச் சொல்லவும் தேவையில்லை. மணிக்கணக்கு நமக்கு, மொத்தக் கணக்கு அவர்க்கு என்பதே மொழிபெயர்ப்புத் தொழிலில் பொருந்தும் முறை. மணிக்கு இவ்வளவு என்று பேசினால், கைதேர்ந்து விரைவாகச் செய்பவர் குறைவாகவும், தடுமாறுபவர் மிகுதியாகவும் பெறுவர். வாடிக்கையாளரும் எத்தனை மணியாகுமோ என்று அஞ்சிக்கொண்டே இருப்பார்.

மணிக்கூலியைச் சொற்கூலியாக மாற்றுவதற்கு வேகம் தெரியவேண்டும். வேகத்தை மனத்தால் மதிப்பிடுவோர் அனைவரும் ஏமாறுகின்றனர். ஏனெனில் எழுதிய நேரம் நினைவில் நிற்கிறது. கலைச்சொல் தேடிய நேரமும் திரும்பப் படித்த நேரமும் மறந்துபோகின்றன. ஆதலின் அந்நூலின் நடுவிலிருந்து 500 சொற்கள் கொண்ட பகுதியைத் தேர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துப் பெயர்க்கச் சொன்னோம். முன்னுரையை எடுக்கலாகாது. முன்னுரைகள் எளியவை, உள்ளே நுழைந்த பின்னரே நூலாசிரியர் தம் கடினத்தைக் காட்டுவார். முதல்வரைவுக்கு ஒன்றரை மணி, சொல் தேட கால் மணி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தக் கால் மணி என இரண்டு மணி நேரமாயிற்று. மணிக்கு 250 சொல். 325 ரூபாயை 250 ஆல் வகுத்தால் சொல்லுக்கு 1 ரூபாய் 30 காசு. 40 காசு வாங்கிய நாளில் அவர் மணிக்கு 100 ரூபாய்க்கு உழைத்திருக்கிறார் என்பதை அப்போதுதான் இருவரும் கண்டோம். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

இங்கே தமிழாசிரியர் என்னும் முறையில் ஒன்றைச் சொல்லாது மேற்செல்ல இயலவில்லை. சொல்லுக்கு இவ்வளவு என்று பேசும்போது, எம்மொழிச் சொல்லுக்கு என்பதை முதலிலேயே கேட்டறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் "இன் தி ஹவுஸ்" என மூன்று சொல்லாக நிற்பது தமிழில் "வீட்டில்" என ஒரு சொல்லாகிவிடுகிறது. வேற்றுமையுருபு பெயரோடு ஒட்டுகிறது, துணைவினை வினையோடு ஒட்டுகிறது, எழுவாய் தோன்றாது நின்றாலும் வினைமுற்றின் விகுதி அதனைக் காட்டிவிடுகிறது. நாம் வகுப்பில் பெருமையுடன் விளக்கும் இந்த ஒட்டுநிலை, கூலிக்கணக்கில் பெயர்ப்பாளரின் பைக்கு ஓட்டையாகிறது. அம்மாணவி பெயர்த்த அந்த 500 ஆங்கிலச் சொற்கள் தமிழில் ஏறத்தாழ 350 ஆக வந்தன. மூலச்சொல்லை எண்ணினால் 1 ரூபாய் 30 காசு, தமிழ்ச்சொல்லை எண்ணினால் 1 ரூபாய் 86 காசு. இரண்டும் ஒரே கூலிதான். "சொல்லுக்கு ஒன்றரை ரூபாய்" என்று கேட்டு மகிழ்ந்தவர், பில் எழுதும் நாளில் எண்ணப்படுவது தமிழ்ச் சொல் என்று அறிந்தால், பத்தில் மூன்று பங்கு குறைந்திருக்கக் காண்பார். மூலச்சொல்லுக்கே விலை பேசுவது நலம். வேலை தொடங்குமுன்பே மொத்தத் தொகை இருவருக்கும் தெரிந்துவிடும்.

இனி அந்நூலுக்கு வருவோம். மொத்தம் 60,000 ஆங்கிலச் சொற்கள். 250 ஆல் வகுக்க 240 மணி. அச்சுக்கோத்த பின் மெய்ப்புப் பார்க்கவும், பதிப்பாசிரியரின் ஐயங்களுக்கு விடை எழுதவும் பத்தில் ஒரு பங்கு, 24 மணி. ஆக 264 மணி. மணிக்கு 325 வீதம் 85,800 ரூபாய். பதிப்பகத்தார் சொன்னதோ சொல்லுக்கு 50 காசு, அதாவது 30,000. மணிக்கு 114 ரூபாய் கூட இல்லை.

"சும்மா இருப்பதற்கு 114 மேல் அல்லவா ஐயா?" என்று கேட்டார். இக்கேள்வியை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. பத்துப் பக்க வேலையாயின், கையில் வேறொன்றும் இல்லாத நாளாயின், அவர் கூறுவதே சரி. மாலைக்குள் முடித்து விடலாம், மறுநாள் நல்ல வேலை வந்தால் கை காலியாக இருக்கும். 264 மணி நேரம் அவ்வாறன்று. நாளுக்கு நான்கு மணி வீதம் அது 66 வேலைநாள், ஏறத்தாழ மூன்று திங்கள். அந்த மூன்று திங்களும் வேறு நல்ல வேலை வந்தால் "இயலாது" என்று சொல்ல நேரும். அல்லது இரவில் இரண்டையும் செய்து இரண்டையும் கெடுக்க நேரும். சிறிய வேலையைக் குறைந்த விலைக்கு ஏற்பதில் இழப்பு சிறிது. பெரிய வேலையை ஏற்றால் ஆண்டில் கால்பங்கை அடகு வைப்பதாகும்.

மறுத்துரைக்கும் முன் ஒரு படி உண்டு. விலை ஒத்துவரவில்லையெனின், விலையைக் குறைக்காது வேலையைக் குறைத்துப் பார்க்கலாம். 30,000 ரூபாய்தான் அவர்களிடம் உண்டெனின், அதற்கு 21,000 சொற்கள் வரும். நூலில் மூன்றிலொரு பங்கு. முதற்பகுதியை மட்டும் தனி நூலாகக் கொணரலாமே என்று கேட்பதில் இழிவில்லை. மெய்ப்பை அவர்களே பார்த்துக்கொள்வதாயின் அந்த 24 மணிக்கான 7,800 ரூபாயைக் கழிக்கலாம். ஒன்றையும் விட்டுத்தராமல் விலையை மட்டும் இறக்குபவர், தாம் முதலில் சொன்ன விலை பொய் என்று தாமே ஒப்புக்கொண்டவராகிறார். அடுத்தமுறையும் அவர் இறங்குவார் என்றே எதிரிலிருப்பவர் எண்ணுவார்.

பதிப்பகத்தார் எதற்கும் இசையவில்லை. "இதை முடித்துக் கொடுங்கள், அடுத்த நூலுக்கு நல்ல விலை தருகிறோம்" என்றனர். இச்சொல்லைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அடுத்த நூலின் விலையை இவ்வொப்பந்தத்திலேயே எழுதிக் கையொப்பமிடுவீர்களா என்று கேட்டல். அவர் கேட்டார். பேச்சு வேறு திசைக்குத் திரும்பிற்று. அன்றிரவு அவர் எழுதியனுப்பிய மறுப்புக் கடிதம் வருமாறு:

"ஐயா, தங்கள் நூலின் மாதிரிப் பகுதியைப் பெயர்த்துப் பார்த்து, ஆகும் நேரத்தைக் கணக்கிட்டேன். மெய்ப்புத் திருத்தம் உட்பட 85,800 ரூபாய்க்குக் குறைவாக இதனைச் செம்மையாகச் செய்ய என்னால் இயலாது. தங்கள் திட்டத்தில் அத்தொகைக்கு இடமில்லை என்பதை உணர்கிறேன். ஆதலால் இம்முறை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன். நூலின் ஒரு பகுதியை மட்டும் வெளியிடக் கருதினால் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இக்கடிதத்தில் குறைகூறல் இல்லை, நீண்ட விளக்கமும் இல்லை. குடும்ப நிலையோ படிப்பின் சிறப்போ அதில் இடம்பெறவில்லை என்பதையும் மாணவர் கவனித்தல் வேண்டும். தொகை எழுத்தில் நின்றது. அது பின்னர்ப் பயன்பட்டது.

விலை சரியாயிருந்தும் மறுக்க வேண்டிய வேலைகளும் உள. மாதிரி காட்டுக என்று 250, 300 சொற்கள் கேட்பது வழக்கம்தான். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், அதனைச் செய்து தரலாம். ஓர் இயல் முழுவதையும் மாதிரியாகக் கேட்பவர், ஐவரிடம் ஐந்து இயல் வாங்கி நூலையே முடித்துவிடக் கூடியவர். அறிமுகமில்லாதவர் பெரிய வேலைக்கு மூன்றிலொரு பங்கு முன்பணம் தர மறுத்தாலும் பின்வாங்குதலே நன்று. "முன்பே ஒருவர் பெயர்த்திருக்கிறார், நீங்கள் சும்மா ஒரு பார்வை பார்த்தால் போதும்" என்பது மற்றொன்று. பிறர் பெயர்ப்பைத் திருத்துவது பலமுறை புதிதாகப் பெயர்ப்பதினும் நேரம் தின்பது. உள்ளே எவ்வளவு பழுது என்பது திறந்து பார்க்காமல் தெரியாது. இத்தகைய வேலைக்கு மட்டும், முன் கூறியதற்கு மாறாக, மணிக்கு இவ்வளவு என்று வெளிப்படையாகப் பேசி, பத்து மணி முடிந்ததும் நிறுத்திக் கணக்குக் காட்டுவதே இரு திறத்தார்க்கும் நியாயமாகும்.

பணம் வரும் நாளும் விலையின் பகுதியே. 90 நாள் கழித்து வரும் ஒன்றரை ரூபாயைவிட, 15 நாளில் வரும் 1 ரூபாய் 40 காசு பலர்க்கு உதவும். உதயம் பதிவு கட்டணமின்றிக் கிடைப்பது. பதிவு செய்துகொண்ட சிறுதொழிலருக்கு 45 நாளுக்கு மேற்படாமல் பணம் தரவேண்டும் என 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் கூறுகின்றது. பணிசெய்வோரும் அதில் பதியலாம் என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

நம் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நூற்றாண்டு விழா மலர், அறக்கட்டளை அறிக்கை, அழைப்பிதழ் என்று எது வந்தாலும் தமிழ் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு, "நம்ம காரியம்தானே" என்கிறோம். பந்தல்காரருக்கும் அச்சகத்தாருக்கும் பணம் தருகிறோம். எழுதியவருக்குத் துண்டு போர்த்துகிறோம். பிள்ளைகள் இலவசமாகச் செய்யலாகாது என்று நாம் கூற வரவில்லை. செய்யும்போது முழு விலையுடன் பில் எழுதி, அதன்கீழ் "அன்பளிப்பாகக் கழித்தது" என்று அத்தொகையை எழுதித் தருமாறு மாணவர்க்குக் கூறி வருகிறோம். 6,000 ரூபாய் பெறுமான உழைப்பை நன்கொடையாகப் பெற்றோம் என்று பெரியோர்க்குத் தெரியும். அந்த வேலையின் விலை சுழியம் என்று அடுத்து வரும் பிள்ளையிடம் எவரும் சொல்ல இயலாது.

மறுக்க வலிமை எல்லார்க்கும் இல்லை என்பதையும் நாம் அறிவோம். நாளைய அரிசிக்கு இன்று பணம் வேண்டியவரிடம் அடிக்கோட்டைப் பற்றிப் பேசுவது கொடுமை. அதனால்தான், மூன்று திங்கள் செலவு கையில் சேரும்வரை டியூஷனையோ பள்ளிப் பணியையோ விட்டுவிட வேண்டாம் என்கிறோம். அம்மாணவி அந்நாளில் மாலையில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதத்தை எழுத அவருக்குத் துணிவு தந்தது நம் கணக்கு மட்டுமன்று, அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும்தாம்.

பதிப்பகத்தார் திரும்பி வரவில்லை. இரண்டு திங்கள் வரை வேறு எவரும் வரவில்லை. தாம் தவறு செய்துவிட்டோமோ என்று அவர் இருமுறை எம்மிடம் தொலைபேசியில் கேட்டார். நமக்கும் உள்ளூர அச்சமே. மூன்றாம் திங்களில் 9,000 சொற்கள் கொண்ட பயிற்சிக் கையேடு ஒன்று வந்தது. சொல்லுக்கு 1 ரூபாய் 60 காசு கேட்டார், பேரம் பேசாமல் இசைந்தனர். இன்னும் கூடுதலாகக் கேட்டிருக்கலாமோ என்று இப்போது வருந்துகிறார். முதலில் மறுக்கப்பட்ட அந்நூலை வேறொருவர் 50 காசுக்குச் செய்யத் தொடங்கி, பாதியில் விட்டதாகக் கேள்வி. ஓராண்டு கழித்து அதே பதிப்பகத்திலிருந்து ஒருவர் அழைத்து, "உங்கள் பழைய கடிதத்தில் ஒரு தொகை எழுதியிருந்தீர்களே" என்று தொடங்கினாராம். அதற்குள் அவருடைய வேகமும் செலவும் மாறியிருந்தன. மீண்டும் 500 சொற்களை எடுத்துக் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டிருப்பதாக எமக்கு எழுதியிருந்தார்.